பில் விளக்கும் ஆங்கில ஸ்கிரிப்டைத் தமிழுக்குக் கொண்டுவருவது எப்படி?

கால் சென்டர் ஏஜென்ட் வாடிக்கையாளரிடம் பேச வேண்டிய ஆங்கில ஸ்கிரிப்டை உங்கள் கையில் கொடுத்து, "நாளை மாலைக்குள் தமிழில் வேண்டும்" என்று மேலாளர் சொல்லியிருப்பார். நீங்களும் வரிக்கு வரி தமிழாக்கி அனுப்பியிருப்பீர்கள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இருக்காது. ஆனால் ஏஜென்ட் அதைப் படிக்கத் தொடங்கிய பத்தாவது நொடியில் எதிர்முனையில் இருப்பவர், "ஏம்மா, ரெக்கார்டு போட்டுவிட்டீர்களா?" என்று கேட்பார். என்னுடைய முதல் ஸ்கிரிப்டுக்குக் கிடைத்த பாராட்டு அதுதான்.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை, பிராட்பேண்ட் பில் பற்றி வரும் ஓர் அழைப்பை வைத்துச் சொல்கிறேன். கைபேசி, மின்சாரம், கடன் அட்டை என்று எந்தப் பில்லாக இருந்தாலும் முறை கிட்டத்தட்ட இதேதான்.

முதலில் பிரியுங்கள்

ஆங்கில ஸ்கிரிப்டை அச்செடுத்துக்கொண்டு இரண்டு நிறப் பேனாக்களுடன் உட்காருங்கள். ஒரு வரிகூட மாறக் கூடாத இடங்களுக்குச் சிவப்பு: அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்ற அறிவிப்பு, தொகை, தேதி, ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கை, பிளானை மாற்ற வாடிக்கையாளரிடம் சம்மதம் வாங்கும் கேள்வி. இவற்றின் பொருள் ஆங்கிலத்தில் இருப்பதைவிடக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மற்ற எல்லாவற்றுக்கும் நீலம்.

நீல வரிகளுக்குப் பக்கத்தில், அந்த வரி செய்யும் வேலையைச் சின்னதாக எழுதுங்கள். 'ஆள் சரிதானா என்று பார்ப்பது', 'காத்திருக்கச் சொல்வது', 'கோபத்தைத் தணிப்பது' என்பதுபோல. வேலை எழுதி முடிந்ததும் ஆங்கில வரியை அடித்துவிடுங்கள். தமிழில் எழுதும்போது உங்கள் கண் முன்னால் வேலை மட்டும்தான் இருக்க வேண்டும். ஆங்கில வாக்கியம் கண்ணில் பட்டால் கை அதன் வரிசையிலேயே எழுதத் தொடங்கிவிடும்.

அந்த வேலையைச் செய்ய வரியே தேவையில்லை என்றும் சில இடங்களில் தெரியவரும். "எங்களை அழைத்ததற்கு நன்றி" என்று அழைப்பின் தொடக்கத்திலேயே சொல்வது ஆங்கில வழக்கம். தமிழில் நன்றி என்பது கிளம்பும்போது சொல்வது. தொடக்கத்துக்கு "வணக்கம்", நிறுவனத்தின் பெயர், உங்கள் பெயர், "சொல்லுங்கள்" ஆகியவை போதும்.

ஸ்கிரிப்டை எழுத்துத் தமிழில்தான் எழுதுவோம். ஏஜென்டின் வாயில் அது பேச்சாக மாறும். 'சொல்லுங்கள்' என்பதில் கடைசி எழுத்து தானாகக் கழன்றுவிடும், 'இருக்கிறது' சுருங்கிவிடும். எனவே ஒவ்வொரு வரிக்கும் ஒரே சோதனை: இது வாயில் கரையுமா? 'பார்த்துச் சொல்கிறேன்' கரையும். 'தங்கள் கோரிக்கை பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது' எத்தனை முறை மென்றாலும் கரையாது. கரையாத வரியை மாற்றிவிடுங்கள்.

மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது

ஆங்கிலத்தில் ஏவல் வினைக்கு மரியாதை வடிவம் கிடையாது. அதனால்தான் 'ப்ளீஸ்', 'மே ஐ', 'குட் யூ' என்று முன்னால் தோரணம் கட்ட வேண்டியிருக்கிறது. தமிழில் 'சொல்' என்பதும் 'சொல்லுங்கள்' என்பதும் வேறு வேறு. 'உங்கள்' ஒட்டிய இடத்திலேயே பாதி மரியாதை வந்துவிட்டது. அதற்கு மேல் 'தயவுசெய்து' வைத்தால் ரயில் நிலைய அறிவிப்புபோல இருக்கும், இல்லாவிட்டால் கெஞ்சுவதுபோல இருக்கும். இன்னும் கொஞ்சம் மென்மை வேண்டுமென்றால் 'கொஞ்சம்' என்ற சொல்லே போதும். "கொஞ்சம் லைனிலேயே இருங்கள், இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்கிறேன்" என்பதில், ஆங்கிலத்தில் ஹோல்டில் வைக்கும் வரியில் உள்ள பணிவு அத்தனையும் இருக்கிறது. எவ்வளவு நேரம் என்பதும் சேர்ந்துவிட்டது.

'தாங்கள்', 'தங்கள்' கடிதத்துக்கு உரியவை. தொலைபேசியில் 22 வயதுக் குரல் "தாங்கள்" என்றால் கிண்டல் செய்வதுபோலக் கேட்கும். 'நீங்கள்' போதும்.

பெயர் விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பல ஆங்கில ஸ்கிரிப்டுகள் அழைப்பின்போது வாடிக்கையாளரின் பெயரை மூன்று முறையாவது சொல்லச் சொல்கின்றன. அறுபது வயதுக்காரரை வெறும் "முருகேசன்" என்று அழைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. திரையில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் இருப்பது அவருடைய அப்பாவின் பெயராகவும் இருக்கலாம். ஒரு பெண்ணின் கணக்கில் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "சொல்லுங்கள் ராமசாமி மேடம்" என்று ஏஜென்ட் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். ஆகவே ஒரு முறை மட்டும், 'சார்' அல்லது 'மேடம்' சேர்த்து, சொந்தப் பெயரைச் சொன்னால் போதும். குரலை வைத்து ஆணா பெண்ணா என்று தெரியவில்லையென்றால் விளியே வேண்டாம். 'நீங்கள்' என்பதற்கு வரும் வினையில் ஆண்பால், பெண்பால் கிடையாது. இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

'கணக்கின் உரிமையாளரிடம்தான் பேசுகிறேனா?' என்ற ஆங்கிலக் கேள்வியையும் நேராகக் கொண்டுவராதீர்கள். இங்கே பல இணைப்புகள் அப்பா பெயரிலோ, இறந்துபோன தாத்தா பெயரிலோ இருக்கும். "இணைப்பு யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டால் பதில் தானாக வரும். பிறந்த தேதியை 'உறுதி செய்ய முடியுமா' என்றும் கேட்க வேண்டாம். "பிறந்த தேதி சொல்லுங்கள். கணக்கு விவரம் வேறு யார் கைக்கும் போய்விடக் கூடாது என்பதற்காகக் கேட்கிறேன்" என்று காரணத்தோடு கேளுங்கள். மரியாதைச் சொற்களைவிடக் காரணம் நன்றாக வேலை செய்கிறது.

கோபத்தைத் தணிக்கும் வரிக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'உங்கள் ஃப்ரஸ்ட்ரேஷன் எனக்குப் புரிகிறது' என்று இருக்கும். அகராதியைப் பார்த்து அதை 'விரக்தி' என்று எழுதிவிடுவார்கள். விரக்தி என்பது வாழ்க்கையே வெறுத்துப்போவது. பில் நூறு ரூபாய் கூடினால் யாருக்கும் விரக்தி வராது, எரிச்சல்தான் வரும். அதையும் அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர் சொன்ன விஷயத்தைத் திருப்பிச் சொல்லுங்கள்: "799 என்று நினைத்தீர்கள், 1,060 வந்திருக்கிறது. கேட்கத்தான் வேண்டும் சார். பார்த்துவிடலாம்." தான் சொன்னது காதில் விழுந்திருக்கிறது என்று தெரிந்ததும் குரல் இறங்கும்.

இதே இடத்தில் 'பார்க்கிறேன்' என்ற சொல்லிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஆங்கிலத்தில் 'ஐ வில் லுக் இன்டு இட்' என்பது வேலையைக் கையில் எடுப்பது. தமிழில் "பார்க்கிறேன்" என்று தனியாகச் சொன்னால், கடன் கேட்டு வந்த மைத்துனருக்குச் சொல்லும் பதில் அது. 'பார்த்துச் சொல்கிறேன்', 'பார்த்துவிடலாம்' என்று முடித்தால்தான் வாக்கு ஆகும்.

நாமா, நாங்களா

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'வி'. தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே வருகிறார், 'நாங்கள்' என்றால் அவர் வெளியே நிற்கிறார். பில் அழைப்பில் இது சின்ன விஷயமில்லை. "நாம் தாமதக் கட்டணம் போட்டிருக்கிறோம்" என்றால் வாடிக்கையாளரே தனக்கு அபராதம் விதித்துக்கொண்டதுபோல ஆகிவிடும். நிறுவனம் செய்தது, நிறுவனத்தின் விதி, நிறுவனத்தின் தவறு எல்லாவற்றுக்கும் 'நாங்கள்'. கணக்கைச் சேர்ந்து சரிபார்க்கும் இடத்தில் மட்டும் 'பார்க்கலாம்', 'கூட்டிப் பார்ப்போம்'.

தவறு வாடிக்கையாளருடையது என்று தோன்றும் இடத்தில் இன்னொரு உத்தி உண்டு. "நீங்கள் பணம் கட்டவில்லை" என்பது குற்றச்சாட்டு. "பணம் எங்களிடம் இன்னும் வந்து சேரவில்லை" என்பது தகவல். அவர் கட்டியிருந்து வங்கியில் தேங்கியிருந்தாலும் இந்த வாக்கியம் பொய்யாகாது.

பணத்தைப் பற்றிய சொற்கள்

இங்கே சொல் தவறினால் மறு அழைப்பு நிச்சயம். நான் வேலை செய்த ஓர் இடத்தில், அடுத்த பில்லில் தொகை கழிக்கப்படும் என்ற பொருளில் இருந்த ஆங்கில வரியை "பணத்தைத் திருப்பித் தருவோம்" என்று எழுதிவிட்டேன். ஒரு வாரம் கழித்து, "இன்னும் வங்கிக்கு வரவில்லையே" என்று ஒருவர் பின் ஒருவராக அழைத்தார்கள். தப்பு அவர்களுடையது இல்லை. திருப்பித் தருவது என்றால் பணம் கைக்கு அல்லது வங்கிக்கு வர வேண்டும். பில்லில் குறைப்பதை "அடுத்த பில்லில் கழித்துக்கொள்வோம், வங்கிக்கு வராது" என்று இரண்டு பக்கமும் அடைத்துச் சொல்லுங்கள்.

அதேபோல 'அட்வான்ஸ்'. பல பிராட்பேண்ட் பில்களில் மாதக் கட்டணத்தை மாதத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுவார்கள். ஆங்கிலத்தில் அதை அட்வான்ஸ் ரெண்டல் என்பார்கள். நம் ஊரில் அட்வான்ஸ் என்றால் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுக் காலி செய்யும்போது திரும்ப வாங்குவது. "அட்வான்ஸ் 799" என்று சொன்னால், இணைப்பைத் துண்டிக்கும்போது அது திரும்ப வரும் என்று அவர் நம்பிவிடுவார். "ஜூலை மாதக் கட்டணத்தை ஜூலை 1ஆம் தேதியே போடுகிறோம்" என்று சொன்னால் குழப்பம் இல்லை.

'தள்ளுபடி' என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. ஆடித் தள்ளுபடியும் அதுதான், கடன் தள்ளுபடியும் அதுதான். தாமதக் கட்டணத்தை நீக்கும்போது "இந்த 100 ரூபாயை எடுத்துவிட்டோம், கட்ட வேண்டாம்" என்பதே தெளிவு. 'ப்ரோ ரேட்டா' என்பதற்கு 'விகிதாசார அடிப்படையில்' என்று எழுத வேண்டாம். 'நாள் கணக்கு' என்றால் மளிகைக் கடைக்காரருக்கும் தெரியும். பில், பிளான், ஜிஎஸ்டி ஆகியவை அப்படியே இருக்கட்டும். 'பட்டியல்', 'திட்டம்' என்று மாற்றினால் எந்தப் பட்டியல், எந்தத் திட்டம் என்று கேட்பார்கள். பில்லில் அச்சாகியிருக்கும் சொல்லும் ஏஜென்ட் சொல்லும் சொல்லும் ஒன்றாக இருப்பது முக்கியம்.

ஒரு பில்லை முழுதாக விளக்குவோம்

வாடிக்கையாளர் 599 ரூபாய் பிளானில் இருந்தார். ஜூன் 16ஆம் தேதி 799 ரூபாய் பிளானுக்கு மாறினார். ஜூலை 1ஆம் தேதி அவருக்கு வந்த பில் 1,060 ரூபாய் 82 காசு. "799 என்றுதானே சொன்னீர்கள்?" என்று கேட்கிறார்.

ஆங்கில ஸ்கிரிப்டில் விளக்கம் ஒரே வாக்கியமாக இருக்கும். மொத்தத் தொகை முதலில் வரும், அதற்கான காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கும். தமிழில் வினை கடைசியில் வருவதால், அதே வாக்கியத்தை எழுதினால் எல்லாக் காரணங்களையும் கேட்டு முடிக்கும்வரை என்ன சொல்ல வருகிறோம் என்றே தெரியாது. எனவே வரிசையைத் திருப்புங்கள். நடந்த வரிசையில் சொல்லுங்கள், ஒரு வாக்கியத்தில் ஒரு தொகை மட்டும் இருக்கட்டும்.

"ஜூன் 15 வரை உங்களுக்கு 599 ரூபாய் பிளான் இருந்தது. 16ஆம் தேதி 799க்கு மாறினீர்கள்."

"ஜூன் முழுவதற்குமான 599 ரூபாயை முன்பே கட்டிவிட்டீர்கள். ஆனால் அந்தப் பிளான் பாதி மாதம்தான் ஓடியது. மீதிப் பாதிக்கான 299 ரூபாய் 50 காசை இந்தப் பில்லில் கழித்துவிட்டோம்."

"அந்தப் பாதி மாதத்துக்குப் புதிய பிளானின் கட்டணம் 399 ரூபாய் 50 காசு. கழித்தது போக, ஜூனுக்குக் கூடுதலாக வந்தது 100 ரூபாய்."

"ஜூலை மாதக் கட்டணம் 799. இரண்டையும் கூட்டினால் 899."

"அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 161 ரூபாய் 82 காசு. மொத்தம் 1,060 ரூபாய் 82 காசு."

"அடுத்த மாதம் அந்த 100 ரூபாய் இருக்காது. இதே பிளானில் இருந்தால் ஜிஎஸ்டியோடு 942 ரூபாய் 82 காசு வரும்."

ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஏஜென்ட் நிறுத்த வேண்டும். ஸ்கிரிப்டிலேயே 'நிறுத்தவும்' என்று எழுதிவிடுங்கள். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அதை விட்டால், ஆகஸ்டில் 942 வரும்போது "799 என்று சொன்னீர்களே" என்று இதே வாடிக்கையாளர் மறுபடி அழைப்பார். அவருடைய கேள்விக்குள் உண்மையில் இரண்டு அதிர்ச்சிகள் இருந்தன. ஒன்று, 799க்கு மேல் வந்த வரி 143 ரூபாய் 82 காசு. இன்னொன்று, பாதி மாதத்து 100 ரூபாயும் அதன் வரியுமாக 118. முதலாவது ஒவ்வொரு மாதமும் வரும், இரண்டாவது ஒரு முறைதான். இந்த வித்தியாசத்தைச் சொல்லாத விளக்கம் பாதி விளக்கம்தான்.

ஜூனுக்கு 30 நாள் என்பதால் இங்கே சரிபாதியாக வந்தது. 31 நாள் மாதத்தில் காசுகள் மாறும். ஸ்கிரிப்டில் 'பாதி மாதம்' என்று நிரந்தரமாக எழுதிவைக்காமல், நாள் எண்ணிக்கைக்குக் காலி இடம் விடுங்கள்.

எண்களைத் தமிழில் சொல்லும்போது தொண்ணூறும் தொள்ளாயிரமும் இளைய ஏஜென்டுகளின் வாயில் அடிக்கடி இடம் மாறுகின்றன. தொகையை ஒரு முறை தமிழிலும், சந்தேகம் வந்தால் இன்னொரு முறை இலக்கம் இலக்கமாகவும் சொல்லச் சொல்லுங்கள்.

'சரி' என்பது சம்மதம் அல்ல

சிவப்புப் பேனா வரிகளில் மிகவும் ஆபத்தானது இது. ஆங்கிலத்தில் நிபந்தனைகளைச் சொல்லிவிட்டு, 'சம்மதமா?' என்று கேட்டு, 'யெஸ்' வாங்கினால் முடிந்தது. தமிழில் நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிர்முனையில் 'சரி', 'ம்', 'சரிங்க' என்று வந்துகொண்டே இருக்கும். அது காது கொடுக்கிறேன் என்பதன் அடையாளம் மட்டுமே. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பிளானை மாற்றினால், "நான் எப்போது கேட்டேன்?" என்று அடுத்த மாதம் புகார் வரும். பதிவை எடுத்துக் கேட்டால் 'சரி' மட்டும்தான் இருக்கும்.

'சரி' என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாகக் கேளுங்கள்: "இன்றிலிருந்து 799 ரூபாய் பிளானுக்கு மாற்றவா, இல்லை பழையதே இருக்கட்டுமா?" அவர் ஏதாவது ஒன்றைத் தன் வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எதிர்மறைக் கேள்விகளையும் அடியோடு நீக்குங்கள். "இன்னும் பணம் கட்டவில்லையா?" என்று கேட்டால், கட்டாதவர் "ஆமாம்" என்பார். ஆங்கிலம் பழகிய ஏஜென்ட் அதைக் 'கட்டிவிட்டார்' என்று குறித்துக்கொள்ள இடமுண்டு. "பணம் கட்டியாகிவிட்டதா?" என்று கேட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அழைப்பு முடிந்து ஆங்கிலத்தில் குறிப்பு எழுதும்போது

பேசியது தமிழ், கணினியில் எழுதுவது ஆங்கிலம். "பணம் போய்விட்டது, ஆனால் ஏறவில்லை" என்று வாடிக்கையாளர் சொன்னால், வங்கியிலிருந்து எடுக்கப்பட்டது, ஆனால் எங்கள் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை என்று பொருள். அதை 'பணம் தொலைந்துவிட்டது' என்ற பொருளில் எழுதினால் புகார் தவறான பிரிவுக்குப் போகும். வாடிக்கையாளர்கள் அடிக்கடி சொல்லும் இப்படிப்பட்ட இருபது வாக்கியங்களுக்கு, கணினியில் எந்தப் புகார் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டு ஸ்கிரிப்டின் பின்பக்கம் ஒட்டுங்கள். 'பேசினார்' என்றால் யார் பேசியது என்று தமிழில் சூழலே சொல்லிவிடும். ஆங்கிலக் குறிப்பில் வாடிக்கையாளரா, ஏஜென்டா, வீட்டுக்கு வந்த டெக்னீஷியனா என்று எழுவாயைக் கட்டாயம் எழுத வேண்டும்.

'48 மணி நேரத்துக்குள்' போன்ற கெடுவை வாடிக்கையாளரிடம் தேதியாகச் சொல்லுங்கள்: "வியாழக்கிழமை, 9ஆம் தேதி மாலைக்குள்." குறிப்பிலும் அதே தேதியை எழுதுங்கள். அடுத்து பேசப்போகிறவர் வேறொரு ஏஜென்ட்.

சோதித்துப் பாருங்கள்

ஆங்கில ஸ்கிரிப்டைப் பார்த்திராத ஒருவரிடம் தமிழ் ஸ்கிரிப்டைக் கொடுத்து, சிவப்பு வரிகளை மட்டும் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். மூல வரியோடு ஒப்பிட்டால் எங்கே பொருள் நழுவியது என்று உடனே தெரியும். நீல வரிகளுக்கு இந்தச் சோதனை வேண்டாம், அவை மாறியிருக்கத்தான் வேண்டும். அவற்றைத் தொலைபேசியில் சத்தமாகப் படித்து, மறுமுனையில் இருப்பவர் எங்கெல்லாம் "என்ன?" என்று கேட்கிறார் என்று குறியுங்கள்.

இன்னொரு தாளையும் திருத்த வேண்டும். பலர் மறந்துவிடுவது இது. அழைப்புகளுக்கு மதிப்பெண் போடும் தரச் சோதனைப் படிவம் பெரும்பாலும் ஆங்கில ஸ்கிரிப்டை வைத்து எழுதப்பட்டிருக்கும். 'ப்ளீஸ் சொன்னாரா', 'பெயரை மூன்று முறை பயன்படுத்தினாரா', 'வருத்தம் தெரிவித்தாரா' என்று கட்டங்கள் இருக்கும். அந்தப் படிவம் மாறாவிட்டால், மதிப்பெண் போகும் என்ற பயத்தில் ஏஜென்டுகள் இரண்டே நாளில் "தயவுசெய்து", "சிரமத்திற்கு வருந்துகிறோம்" எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்துவிடுவார்கள். கட்டங்களை 'எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொன்னாரா', 'அடுத்த மாதத் தொகையைச் சொன்னாரா', 'சம்மதத்தை வாடிக்கையாளரின் வாயிலிருந்து வாங்கினாரா' என்று மாற்றி, புதிய ஸ்கிரிப்ட் ஏஜென்டுகள் கைக்குப் போகும் அன்றே படிவத்தையும் கொடுத்துவிடுங்கள்.